கீழ்ப்பெட்டியில் கர்சர்

புது மேனேஜர் வந்த மூன்றாவது நாளே லாகின் திரையில் கை வைத்தார். மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்காதீர்கள். அதுதான் அவர் வேலை. மூன்று பேரைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. யாரைக் குறைப்பது என்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே!

அந்த ஆபீசில் முப்பத்திரண்டு பேர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பார்கள். கணினி எல்லாமே லினக்ஸ். அத்தனையையும் கட்டி மேய்ப்பவன் ஒருவன்தான், சிஸ்டம்காரன் என்று கூப்பிடுவார்கள். அவன் மாமியாரும் அதே ஹாலில் இருபது வருஷமாக டைப் அடிக்கிறாள். அவனை அங்கே சேர்த்துவிட்டதே அவள்தான்.

"கண்ணு மங்கிப்போனவங்க யாருன்னு கேட்டா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. திரையே கண்டுபிடிக்கட்டும்" என்றார் மேனேஜர்.

பின்னணிக்கு வெள்ளை மேகப் படம். அதன்மேல் வெளிறிப்போன சாம்பல் நிறத்தில் எழுத்து. அந்த எழுத்தும் நாளுக்கு நாள் இரண்டு புள்ளி சின்னதாக வேண்டும். பெயர்ப் பட்டியல் கூடாது, கடைசியாக வந்தவர் பெயர் பெட்டியில் தானாக நிற்கவும் கூடாது. அவரவர் பெயரையும் பாஸ்வேர்டையும் அவரவரே அடிக்க வேண்டும். தப்பினால் பதிவேட்டில் விழும். வெள்ளிக்கிழமைக்குள் விழுந்தவருக்கு வேலை இல்லை.

"காதால கேட்டு அடிக்கிற வேலை சார் இது. கண்ணு இதுல..."

"மாமியாருக்காக வக்காலத்தா?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, படுபாவி.

மாமியாருக்கு இரண்டு வருஷமாகவே நடுப்பார்வை போய்விட்டது. எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு அழுக்குக் கறை. யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளுடைய டெஸ்க்டாப்பில் எழுத்தையெல்லாம் அவன் கைமுட்டி அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தான். உள்ளே போய்விட்டால் ஹாலிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த ஏற்பாடெல்லாம் அவள் கணக்குக்குள் நுழைந்த பிறகுதான் செல்லும். லாகின் திரை அதற்கு முன்னால் வருவது. அது எல்லோருக்கும் ஒன்றுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் சமையலறை மேசையில் ஒரு பழைய கீபோர்டை வைத்து அவளை உட்கார்த்தினான்.

"முதல்ல பேரு. அப்புறம் டேப். அப்புறம் பாஸ்வேர்டு, என்டர். திரையைப் பாக்கவே பாக்காதீங்க அத்தை."

"பாத்தா மட்டும் தெரியவா போவுது மாப்பிள்ளை?" என்று சிரித்தாள். நாற்பது தடவை அடித்தாள். பேத்தி பக்கத்தில் நின்று எண்ணினாள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மாமியார் வெண்ணெயில் கத்தி போவதுபோல் உள்ளே போனாள். தடித்த கண்ணாடிக்காரர் ஒருவர் புதன்கிழமை மாட்டினார். வாட்ச்மேன் வந்து அவர் பையை வாங்கிச் சோதித்துப் பார்த்து அனுப்பினான், என்னமோ திருடிக்கொண்டு போகிற மாதிரி. வியாழக்கிழமை ஒரு கர்ப்பிணிப் பெண். தலைசுற்றலில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டாள். அவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மேனேஜர் அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

இன்னும் ஒருவர் பாக்கி.

வெள்ளிக்கிழமை காலை ஹால் திறப்பதற்கு முன்பே மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "பெட்டி ரெண்டையும் மாத்து. பாஸ்வேர்டு மேல வரட்டும், பேரு கீழ போகட்டும். மனப்பாடம் பண்ணி அடிக்கிறவங்க மாட்டணும்."

லாகின் திரையில் எது எங்கே என்று சொல்லும் தீம் கோப்பை அவன் திறந்தான். பெயர்ப் பெட்டிக்கு ஒரு பத்தி, பாஸ்வேர்டுப் பெட்டிக்கு ஒரு பத்தி. முதல் பத்தியை வெட்டி இரண்டாவதற்குக் கீழே ஒட்டினான். வெட்டி ஒட்டிய அந்தப் பத்திக்குள்ளே ஒரு வரி இருந்தது: திரை வந்ததும் கர்சர் இந்தப் பெட்டியில்தான் நிற்க வேண்டும் என்று சொல்லும் வரி. அதை அவன் மேல்பெட்டிக்கு மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. டேப் அடித்தால் பெயரிலிருந்து பாஸ்வேர்டுக்குப் போகும் என்கிற வரியையும் தொடவில்லை.

பெட்டிகள்தான் இடம் மாறின. விரல்களுக்கு ஒன்றும் மாறவில்லை. மாமியார் வழக்கம்போல் பெயர், டேப், பாஸ்வேர்டு என்று அடித்தால் நேரே உள்ளே போய்விடலாம். சோதனை ஜன்னலில் திறந்து காட்டினான். மேலே பாஸ்வேர்டு, கீழே பெயர். கீழ்ப்பெட்டியில் மயிரிழை போல ஒரு கர்சர் விட்டு விட்டு மின்னியது. மேனேஜர் "ம், சரி" என்றார். அவருக்குக் கர்சராவது ஒன்றாவது. ஒரே கட்டளையில் எல்லாக் கணினிக்கும் அனுப்பிவைத்தான். நம்ம அத்தை தப்பித்தாள் என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். கணினிகள் புதுத் திரையோடு எழுந்தன. அப்போதுதான் மேனேஜர் ஹால் நடுவில் நின்று கையைத் தட்டினார்.

"இன்னைக்கு மேல பாஸ்வேர்டு, கீழ பேரு. முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலைன்னு யாரும் ஒப்பாரி வைக்கக் கூடாது."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் தெரிந்தவர்கள் கர்சர் கீழே மின்னுவதைப் பார்த்துப் பெயரை அடித்தார்கள், உள்ளே போனார்கள். மாமியாருக்குத் தெரிந்ததெல்லாம் மேனேஜர் சொன்ன சொல்தான். மேல்பெட்டிதான் முதல் என்று நினைத்து, பாஸ்வேர்டை முதலில் அடித்தாள். அது பெயர்ப் பெட்டியில், புள்ளியாக மறையாமல், எழுத்தெழுத்தாகப் போய் விழுந்தது. அவன் அவளுக்கு நேர் பின்னால் நின்றான். மேனேஜர் பக்கத்தில். அவள் டேப்பை அடித்தாள், பெயரை அடித்தாள், என்டருக்கு முன்னால் ஒரு கணம் தயங்கினாள். அந்தக் கணத்தில் ஒரு வார்த்தை போதும். அவன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான்.

தப்பு என்று திரை காட்டியது. காட்டியதும் அவளுக்குத் தெரியவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் குனிந்து, பெயர்ப் பெட்டியில் கிடந்ததைச் சத்தமாகப் படித்தார். பேத்தியின் செல்லப்பெயரும் பிறந்த வருஷமும். "பாட்டிம்மா, உங்க பேரு இதுவா?" ஹாலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் இரக்கப்பட்டார்கள், ஆனால் மூன்றாவது ஆள் கிடைத்துவிட்ட நிம்மதியோடு இரக்கப்பட்டார்கள்.

வாட்ச்மேன் மாமியாரின் பையைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் சிஸ்டம்காரன் தோளில் கை போட்டார். "கர்சரைக் கீழ விட்டியே, அதுல இருக்குய்யா விஷயம்! கண்ணு தெரிஞ்சவன் ஒருத்தனும் மாட்டலை. என்ன மூளைய்யா உனக்கு! எல்லாக் கிளைக்கும் இதையே போட்டுடு."

"சரி சார்" என்றான்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமியார் மட்டும் பொறுமையாகக் கேட்டாள். இருபது வருஷம் கேட்டுப் பழகிய காது. கர்சரை எங்கே விட்டான், எதற்காக விட்டான், அறிவிப்பு எப்படி எல்லாவற்றையும் கெடுத்தது என்று அவன் மேசைமேல் விரலால் வரைந்து வரைந்து விளக்கினான்.

"புரியுது மாப்பிள்ளை. எனக்காகத்தான் செஞ்சிருக்கீங்க." அவன் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பினாள். "நான் பாஸ்வேர்டைத் தப்பான பெட்டில அடிச்சேனே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"உங்க... பின்னாலதான் அத்தை."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே தன் அறைக்குப் போனாள். அவன் கைகொடுக்க ஓடினான். "வேணாங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.