முதலாளி வீட்டுக்குப் போகும் வழி

காலை ஒன்பதரைக்கு முதலாளி அறையிலிருந்து திரும்பி வந்த இரண்டு பக்கக் காகிதத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது. பதினோரு மணிக்கு விளம்பர ஏஜென்சிக்காரர்கள் வருகிறார்கள். முதலாளி இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். 'போன வருஷ மூணு போர்டும் அதே இடத்தில் வேணும்.'

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் கறார். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் மாடிப்படி ஏறினால் மேலே அரட்டை நின்றுவிடும். அப்படிப்பட்டவள் அந்தப் பச்சை வரியை நான்கு தடவை படித்தாள். படிக்கப் படிக்கக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

அவர்கள் கம்பெனி தயாரிப்பது சின்ன வாஷிங் மெஷின். பண்டிகை சீசனில் ஆறு வாரம் ஓடும் விளம்பரத்துக்கு ஏஜென்சியிடம் கொடுக்கும் குறிப்புதான் அந்தக் காகிதம். எல்லோரும் பிரீஃப் என்பார்கள். எவ்வளவு விற்க வேண்டும், எவ்வளவு செலவழிக்கலாம், யாரிடம் பேச வேண்டும், எந்த வழியாகப் பேச வேண்டும். இந்த நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் அது பிரீஃப். இல்லையென்றால் வெறும் ஆசைப் பட்டியல்.

அவள் ஒத்துப்போகும்படிதான் எழுதியிருந்தாள். இலக்கு பதினாலாயிரம் மெஷின். அதில் ஒன்பதாயிரம் வெளியூர்க் கடைகளில், மிச்சம் வழக்கம்போல ஆன்லைனில். கடைக்கு லாரியில் அனுப்பியது கணக்கில்லை, கடையிலிருந்து வீட்டுக்குப் போனதுதான் கணக்கு. செலவு ஒரு கோடியே இருபது லட்சம். படப்பிடிப்பு, ஏஜென்சி கட்டணம், வரி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பேச வேண்டியது, இன்னும் கையால் துவைத்துக்கொண்டிருக்கும், வேலைக்கும் போகிற வெளியூர்ப் பெண்களிடம். நகரத்துக்காரர்கள் பெரிய மெஷினாகப் பார்த்து வாங்குவார்கள், இந்தச் சின்னதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். ஆகவே உள்ளூர் வானொலி, பேருந்தின் முதுகு, கடையைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் இருப்பவர்களின் போனுக்கு மட்டும் போகும் சின்ன வீடியோ, சனி ஞாயிறுகளில் கடை வாசலில் அழுக்குத் துணியைப் போட்டுத் துவைத்துக் காட்டுவது.

அந்த மூன்று விளம்பர போர்டும் எங்கே இருந்தன? நகரத்து மேம்பாலத்தில் ஒன்று, அது இறங்கும் இடத்தில் ஒன்று, மூன்றாவது ஒரு பணக்காரக் குடியிருப்பின் முனையில். மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் முதலாளியின் ஆபீஸிலிருந்து முதலாளியின் வீட்டுக்கு வழி கிடைக்கும். வாடகை நாற்பத்தைந்து லட்சம். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மனுஷன் வீட்டுக்குப் போகிற வழிக்கே போய்விடும்.

போன வருஷம் அப்படித்தான் போனது, மிச்சமும் நகரத்துக்குள்ளேயே கரைந்தது. வெளியூரில் ஒரு பேருந்தில்கூட விளம்பரம் ஒட்டவில்லை, மெஷின் விற்கவில்லை. முதலாளியோ தினமும் இரண்டு வேளை தன் விளம்பரத்தைக் கண்குளிரப் பார்த்தவர். விளம்பரம் பிரமாதம், அப்படியென்றால் வெளியூர் விற்பனை ஆட்கள்தான் சோம்பேறிகள் என்று முடிவு கட்டினார். பதினெட்டுப் பேரில் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பினார். இந்த சீசனிலும் இலக்கு வரவில்லை என்றால் மிச்சம் இருக்கிற ஏழு பேருக்கும் கல்தா என்று போன மாதமே சொல்லிவிட்டார்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அவளுடைய சொந்த அண்ணன். பதினாறு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவர் இப்போது யாருக்கோ வேன் ஓட்டுகிறார். போன சீசன் முடிந்ததும் 'விளம்பரம் எல்லா ஊரையும் நன்றாகச் சென்றடைந்தது' என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். ஏஜென்சி எழுதிக் கொடுத்தது, முதலாளி நீட்டினார், போட்டுவிட்டாள். பொய் என்று தெரிந்தேதான் போட்டாள். அந்த எரிச்சல் ஒரு வருஷமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. தன்மேல் இருந்த கோபத்தை யார் கிடைத்தாலும் அவர்கள்மேல் காட்டினாள், கறார் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். முதலாளி சொன்னபடி மூன்று போர்டையும் சேர்த்தாள். சேர்த்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக இன்னொரு பத்தியும் எழுதினாள். ஐந்து பிரதி எடுத்தாள்.

பதினோரு மணிக்கு மீட்டிங் அறை நிறைந்தது. ஏஜென்சியின் தலைவர் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் எப்போதும் சிரிப்பார், பில் கொடுக்கும்போது கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார். கூடவே ஜலதோஷம் பிடித்த ஒரு இளம் பெண். எந்த விளம்பரம் எங்கே எத்தனை நாள் வர வேண்டும் என்று திட்டம் போடுகிற மீடியா பிளானர். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. முதலாளி மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

அவள் இலக்கைப் படித்தாள். செலவைப் படித்தாள். சிரிப்புக்காரர் எல்லாவற்றுக்கும் "அருமை" என்றார்.

"அடுத்தது, யாருக்காக இந்த விளம்பரம். இதுல ரெண்டு பிரிவு இருக்கு" என்றாள். "முதல் பிரிவு, வெளியூர்ல வேலைக்குப் போற பெண்கள். இவங்களுக்கு ஒதுக்குனது எழுபத்தஞ்சு லட்சம். ரெண்டாவது பிரிவு, ஒரே ஒருத்தர்."

சிரிப்புக்காரர் தலை நிமிர்ந்தார்.

அவள் குரல் நடுங்காமல் படித்தாள். "ஆண். வயது ஐம்பத்தெட்டு. தினமும் காலையும் மாலையும் காரின் பின்சீட்டில் மேம்பாலம் வழியாகப் போய்வருகிறார். துணி துவைத்துப் பழக்கமில்லை. வாஷிங் மெஷின் வாங்கும் உத்தேசமும் இல்லை, ஏனென்றால் அவரே தயாரித்து விற்கிறார். இவரைச் சென்றடைய ஆகும் செலவு நாற்பத்தைந்து லட்சம்."

முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னம்மா இது, விளையாட்டா?"

"இல்ல சார். பிரீஃப்ல எந்த இடத்துல விளம்பரம் போட்டாலும், யார் பார்க்கறதுக்குன்னு எழுதணும். அந்த மூணு போர்டை வேற யாருக்குன்னு எழுதறதுன்னு எனக்குத் தெரியல."

சிரிப்புக்காரர் அவசரமாகப் பூசி மெழுகப் பார்த்தார். "சார், அந்த இடம் ஒரு கௌரவம். பிராண்டுக்கு ஒரு அந்தஸ்து..."

முதலாளி அவர் பக்கம் திரும்பவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பிளானரைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. அந்த போர்டு யாருக்கு?"

அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல இன்னும் பழகவில்லை. "கிளையண்ட் வீட்டுக்குப் போற வழியைத்தான் முதல்ல கேட்டு வச்சுக்குவோம் சார். அவர் கண்ணுல விளம்பரம் பட்டுட்டா மத்த இடத்தைப் பத்திக் கேள்வி வராது. எனக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தாங்க."

ஏஜென்சித் தலைவரின் சிரிப்பு அன்றைக்கு முதல் தடவையாக நின்றது.

முதலாளிக்கு அவமானம். அவமானம் வந்தால் பணப்பெட்டியைப் பூட்டத்தான் அவர் கை போகும். "சரி. போர்டு வேண்டாம். அந்த நாப்பத்தஞ்சு லட்சமும் வேண்டாம். எழுபத்தஞ்சுல முடிங்க."

அவள் எதிர்பார்க்காத இடத்தில் அடி விழுந்தது. ஏழு பேரின் சோற்றில் கைவைக்கிறார்.

"அப்போ இலக்கையும் குறைங்க சார்" என்றாள். "எழுபத்தஞ்சுக்கு ஒன்பதாயிரம் மெஷின் வெளியூர்ல விக்காது. பணத்தைக் குறைச்சு இலக்கை மட்டும் அப்படியே வச்சா, ஆறு வாரம் கழிச்சு அந்த ஏழு பேர் தலையிலதான் விடியும். போன வருஷம் பதினோரு பேரை அனுப்பினீங்களே, அவங்க கையில விளம்பரம்னு என்ன சார் இருந்துச்சு? நம்ம மெஷின் பேரையே கேள்விப்படாத ஊர்ல போய் வித்துட்டு வாங்கன்னு சொன்னோம்."

"விளம்பரம் எல்லா ஊருக்கும் நல்லா போய்ச் சேர்ந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டது யாரு?" முதலாளி நிதானமாகக் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

"நான்தான்" என்றாள். "அது பொய். பொய்னு தெரிஞ்சேதான் போட்டேன். இப்ப எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்புப் பண்ணினது நான், நீங்க, இதோ இந்த ஏஜென்சிக்காரர். தண்டனை அவங்களுக்கு."

முதலாளி கெட்ட மனிதர் இல்லை, கர்வம் பிடித்த மனிதர். தப்பு என்று தெரிந்தாலும் வாய்விட்டு ஒப்புக்கொள்ள மாட்டார், வேறு எதையாவது செய்து ஈடுகட்டப் பார்ப்பார். பிரீஃபை இழுத்துப் பச்சைப் பேனாவால் போர்டு வரியை அடித்தார். ஒரு கோடியே இருபதை அப்படியே விட்டார். அந்த நாற்பத்தைந்துக்கு எதிரே 'வெளியூர்' என்று எழுதினார்.

"இலக்கு வரலைன்னா முதல்ல போறது அந்த ஏழு பேர் இல்ல, நீங்க" என்றார்.

"சரி சார். அதையும் எழுதிடுங்க. அப்புறம், அந்தப் பதினோரு பேரையும் திரும்பக் கூப்பிடணும்."

"அதெல்லாம் முடிஞ்ச கதை" என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்து போனார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

ஏழு பேர் இந்த சீசனுக்குப் பிழைத்தார்கள். மற்றவர்கள் கதை முடிந்த கதையாம். பற்களைக் கடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். கார் நிறுத்தும் இடத்தில் நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் வேனை ஓரம் கட்டிவிட்டுத்தான் பேசினார், பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினாள். போர்டு, பச்சை மை, முதலாளி முகம் போன போக்கு, எல்லாம். அவர் "ம்" மட்டும் கொட்டினார். கடைசியில்தான் ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அண்ணா, போன வருஷ அறிக்கை ஒண்ணு இருக்கு. அதை வச்சுத்தான் உங்க எல்லாரையும் அனுப்பினாங்க. அதுல கையெழுத்துப் போட்டது நான். உனக்குத் தெரியாது."

"தெரியும்" என்றார் அண்ணன். "அனுப்பும்போது அந்தக் காகிதத்தைத்தான் மேசையில போட்டுக் காட்டினாங்க. பதினோரு பேரும் பார்த்தோம். மத்த பத்துப் பேரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீயே ஒரு நாள் சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். "இவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கல. டெலிவரிக்கு நேரமாச்சு, வைக்கறேன்."