கழித்துப் போட்ட வானம்

துறையில் அவளுக்குப் பெயர் ‘சார் வீட்டம்மா’. முனைவர் பட்டம் வாங்கியவள். ஒளியைப் பிரித்துப் படிப்பதில் கணவனுக்குக் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை. என்ன செய்வது! மகள் பிறந்து, மாமியார் படுக்கையில் விழுந்து, சில வருடம் வீட்டோடு கிடந்துவிட்டுத் தற்காலிக வேலையில் திரும்பி வருவதற்குள் கணவர் அதே துறையில் பேராசிரியராகிவிட்டார். இவளுக்கு நிரந்தர வேலை வேண்டுமென்றால், இவள் பெயர் முதலில் நிற்கும் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தேர்வுக் குழு கறாராகச் சொல்லிவிட்டது.

இருவரும் வேலை செய்தது ஒரு கோள் நெபுலாவில். கோளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழைய தொலைநோக்கிகளில் கோள் மாதிரி வட்டமாகத் தெரிந்ததாம், பெயர் ஒட்டிக்கொண்டது. சூரியனைப் போன்ற நட்சத்திரம் வயதாகி ஊதிப் பெருத்து, தன் மேலடுக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுவிடும். கடைசியில் கொதிக்கும் உள்கரு மட்டும் மிஞ்சும். அதன் புறஊதாக் கதிர் பட்டு, விட்ட வாயுவெல்லாம் கூடுபோல ஒளிரும்; அதுதான் நெபுலா.

இவர்களுடைய நெபுலாவில் கணக்கு உதைத்தது. நட்சத்திரம் இழந்திருக்க வேண்டிய எடையில் கால்வாசிகூட அந்தக் கூட்டில் இல்லை. மீதி எங்கே போயிற்று?

அவள்தான் கண்டுபிடித்தாள். படத்தின் விளிம்பில் இருப்பது வெறும் வானம் என்று வைத்துக்கொண்டு, இரவு வானத்துக்கே உள்ள அந்த மெல்லிய வெளிச்சத்தை மொத்தப் படத்திலிருந்தும் கழித்துவிடுவது வழக்கம். கழித்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள். அந்த ஒளியைப் பிரித்தபோது, ஆக்சிஜன் இருந்தால் மட்டும் தெரியும் பச்சைக் கோடு ஒன்று மங்கலாக நின்றது. விளிம்பு வரைக்கும் நெபுலாதான். நட்சத்திரம் முதலில் விட்ட வாயு வெகுதூரம் பரவி நிற்க, அதைத்தான் இத்தனை நாளும் வானம் என்று தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள்.

காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்.

“என்னங்க, அது வானமே இல்ல. தொலைநோக்கியைத் தள்ளித் திருப்பி, நிஜமான வெறும் வானத்தைத் தனியா எடுத்துக் கழிச்சுப் பாக்கணும். இதை நான் எழுதறேன்.”

“உனக்கு எதுலயும் அவசரம். ஒண்ணுமில்லாத இடத்தைப் பாக்க தொலைநோக்கி நேரத்தை யாரு குடுப்பா? விடு.”

விட்டாள். அவர் விடவில்லை என்பது கருத்தரங்கில்தான் தெரிந்தது.

திரையில் நெபுலாவைச் சுற்றிப் பெரிய, மெல்லிய ஒளிவட்டம். தள்ளி எடுத்த வானத்தைக் கழித்த படம். முன்வரிசையில் தேர்வுக் குழு வாயைப் பிளந்து பார்த்தது. “எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு” என்று ஆரம்பித்தார். எனக்கு!

வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் எழுந்தார்.

“பச்சைக் கோடுங்கறீங்க. நம்ம பூமியோட காத்துல இருக்கற ஆக்சிஜனும் ராத்திரியில பச்சையா ஒளி விடுதே. அது இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?”

கணவர் தண்ணீர் குடித்தார். முந்தைய படத்துக்குப் போனார், திரும்பி வந்தார். பாவி மனுஷன், அந்த இடத்தை அவளிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பாய்ப் போகவிருந்தது அவள் பெற்ற முடிவு. எழுந்துவிட்டாள்.

“அது வேற பச்சைங்க. நம்ம காத்துல ஒளிர்றது எலக்ட்ரான் இழக்காத ஆக்சிஜன். இது ரெண்டு எலக்ட்ரானை இழந்தது, அலைநீளமே வேற. அப்படிப் பிடுங்கறதுக்கு நடுவுல இருக்கற நட்சத்திரத்தோட புறஊதாக் கதிர் வேணும். ராத்திரி வானத்துல இந்தக் கோடு வராது.”

நிபுணர் தலையாட்டி உட்கார்ந்தார். அவள் கணவனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வார். ஒரே ஒரு வாக்கியம் போதும்.

ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர்தான் முந்திக்கொண்டார். “பரவாயில்லையே! சார் வீட்லயும் கிளாஸ் எடுக்கறாரு போல!”

அரங்கமே சிரித்தது. தேர்வுக் குழு சிரித்தது. கணவரும் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் தட்டினார். அது கடைசிப் பக்கம், நன்றிப் பக்கம். ‘பொறுமையோடு உடனிருந்த என் மனைவிக்கு.’ எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

வெளியே தேநீர் மேசையருகே அவர் குழைந்துகொண்டு வந்தார்.

“நல்ல நேரத்துல காப்பாத்தினே.”

“கட்டுரையில என் பேரு?”

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“அதான் நன்றியில போட்டிருக்கேனே” என்றார்.