ஒன்றரை டிகிரி

பாகூர் தர்மாஸ்பத்திரிக்கு டாக்டர் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் நர்ஸ் ஆதிலட்சுமிதான். அந்த ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை காலையில் உலகநாதன் தன் நாலு வயது மகள் தனக்கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தபோதும் ஆதிலட்சுமி மட்டும்தான் இருந்தாள்.

பிள்ளையின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு நீலம் பாரித்து, பல் கிட்டி நடுங்கியது. கை கால் சில்லென்றிருந்தன. ஆனால் அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் நாற்பது புள்ளி எட்டு சென்டிகிரேடு காட்டியது.

"இன்னா பண்ணீங்க?"

"மூணு நாளா முறைக்காய்ச்சல்மா. ஒடம்பு நெருப்பா கொதிச்சுது. கெணத்துத் தண்ணிய நாலு கொடம் ஊத்தினேன்" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த தாய் அமுதம்.

"அறிவிருக்காடி ஒனக்கு? பச்சத் தண்ணிய ஊத்தினா தோலு சுருங்கி சூடு உள்ளயே அடையும். நடுங்க நடுங்க இன்னும் ஏறும். கொன்னுடப் பாத்தியே!"

அமுதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மலேரியாவுக்கான கொயினா மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாள் ஆதிலட்சுமி. பிள்ளை அப்படியே கக்கிவிட்டது. இரண்டாவது முறையும் தங்கவில்லை. ஊசியாகப் போட வேண்டும். ஊசி மருந்து புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்டு.

"வண்டி பூட்டிக்கிட்டு வாங்க. இப்பவே டவுனுக்குப் போவணும்" என்றாள். உலகநாதன் ஓடினான்.

அவன் வருவதற்குள் ஈரத்தைத் துடைத்து, நடுக்கம் அடங்கும்வரை போர்த்திவைத்தாள். பிறகு வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து, தண்ணீருக்கான தெர்மாமீட்டரை முக்கிப் பார்த்தாள். முப்பத்திரண்டு. கைக்கு இதமான வெதுவெதுப்பு. துணியை நனைத்து லேசாகப் பிழிந்து, நெற்றி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று ஒற்றியெடுத்தாள். ஈரத்தைத் துடைக்காமல் தானாகக் காயவிட்டாள். அது காயும்போதுதான் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும்.

அரைமணி கழித்து முப்பத்தொன்பது புள்ளி மூன்று. தனக்கொடி கண்ணைத் திறந்து, "தண்ணி" என்று கேட்டாள். அமுதம் அந்த ஒரு சொல்லுக்கே அழுதாள்.

வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. "எறங்கிடுச்சாம்மா?" என்றபடி உள்ளே வந்தான் உலகநாதன்.

"ஒன்றரை டிகிரி எறங்கியிருக்கு."

"அப்ப இந்த மழையில அம்மாந்தூரம் கொழந்தைய இழுத்தடிக்கணுமா? இங்கயே பாத்துக்கலாமே."

ஆதிலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்: துடைத்துவிட்டால் இறங்கும், ஒரு மணி நேரம் போல நிற்கும், உள்ளே இருக்கும் நோய் பழையபடி ஏற்றிவிடும். ஆனால் அமுதத்தின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியிருந்தது. தன் கையால் இறங்கியது என்ற பெருமையும் ஆதிலட்சுமிக்குள் கொஞ்சம் இருந்தது.

"சரி, கொஞ்ச நேரம் பாப்போம்" என்றாள்.

உலகநாதன் மாடுகளை அவிழ்த்துவிட்டான்.

பதினொன்றரைக்கு நாற்பது. மறுபடி துடைத்தாள். இம்முறை அரை டிகிரிகூட இறங்கவில்லை. ஒரு மணிக்கு நாற்பத்தொன்று. பிள்ளைக்குக் கண் செருகி இழுப்பு வந்தது. அதன்பிறகு கூப்பிட்டாலும் கிள்ளினாலும் அசைவில்லை. வண்டியைத் திரும்பப் பூட்டினார்கள். டவுனுக்குப் போகும் வழியில் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் தனக்கொடி அமுதத்தின் மடியிலேயே போய்விட்டாள்.

பத்தாம் நாள் உலகநாதன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அமுதம் சோறு திங்க மாட்டேங்கிறா. கெணத்துத் தண்ணி ஊத்தி நாந்தான் கொன்னேன்னு சுவத்துல முட்டிக்கிறா. நீங்கதான் அன்னிக்கு அப்பிடிச் சொன்னீங்க. நெசமா?"

ஆதிலட்சுமி வெள்ளைச் சேலையைச் சரிசெய்துகொண்டு அவனோடு நடந்தாள். சேற்று வரப்பு வழியே அவன் வீட்டுக்குப் போனார்கள்.

அமுதம் அடுப்படியில் சுவரோரம் கிடந்தாள். ஆதிலட்சுமி அவளெதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அமுதம், நீ ஊத்தின தண்ணியால கொழந்த சாவல. நடுங்கிச்சு, அம்புட்டுதான். அவள கொன்னது முறைக்காய்ச்சல்."

"நீங்க தொடைச்ச தண்ணியில எறங்கிச்சேம்மா."

"மேலுக்கு எறங்கிச்சு. எந்தத் தண்ணியும் அந்தக் காய்ச்சல கொல்லாது. ஒரு மணி நேரம் ஒடம்புக்கு எதமா இருக்கும், அவ்ளோதான். அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் வண்டிய அவுக்க வுட்டேன். அப்பவே போயிருந்தா ஊசி போட்டிருப்பாங்க."

"பொழைச்சிருப்பாளா?"

"தெரியல. பொழைச்சிருக்கலாம்."

அமுதம் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள்.

"எந்திரிச்சுப் போங்க" என்றாள். "எம் வூட்டுல ஒக்காராதீங்க."

ஆதிலட்சுமி எழுந்து வெளியே வந்தாள். உலகநாதன் தலைகுனிந்தபடி வழிவிட்டான். உள்ளே அமுதம், பத்து நாளில் முதல்முறையாக, மகளின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழத் தொடங்கியிருந்தாள்.