பதினான்கு கேக்குகளும் ஒரு திருடனும்

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சிற்றூரின் வாரப் பத்திரிகைக்கு ஆர்லன் ஆசிரியர். செயப்பாட்டு வினையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. 'யார் செய்தது?' என்று எழுதிய அட்டையை மேசைக்கு மேலே மாட்டியிருந்தார். முப்பது ஆண்டுகளாக அதைக் காட்டியே நிருபர்களின் உயிரை வாங்கிவிட்டு, அதைப் பெரிய சேவை என்றும் நம்பிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நிருபர் மார்கிட் ஒரு சின்னச் செய்தி கொடுத்தாள். தேவாலயத்தின் கேக் விற்பனை நாளில், முன்கூட்டியே சொல்லிவைத்தவர்களுக்கான பதினான்கு கேக்குகள் கூடத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்டன என்று எழுதியிருந்தாள். யார் எடுத்தது என்று ஆர்லன் அட்டையைக் காட்டினார்.

"யாருக்கும் தெரியல. கேக் போனது மட்டும்தான் தெரியும். தெரிஞ்சதை மட்டும் சொல்லணும்னா இப்படித்தான் எழுதணும்."

ஆர்லன் கேட்பாரா? 'திருடன் ஒருவன் பதினான்கு கேக்குகளைத் தூக்கிச் சென்றான்' என்று மாற்றினார். வாக்கியத்துக்கு முதுகெலும்பு வந்துவிட்டதென்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. திருடன் என்று அச்சில் பார்த்ததும் ஊர் ஓர் ஆளைத் தேடியது. அன்று கடைசியாகக் கூடத்தைப் பூட்டியவர் துப்புரவாளர் டெல்மர். அவர் காபிக் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. மறுநாளே அவர் வேலை வேண்டாமென்று கூடத்தின் சாவிக்கொத்தைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டார். கேள்விப்பட்டதும் ஆர்லனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அது நல்ல வாக்கியம்தான் என்று முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை முதியோர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. ஆண்டுதோறும் விற்பனையில் மீந்த கேக்குகளை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது ஆர்லனின் வழக்கம். 'எப்போதும் நான்கைந்து கொண்டுவருவீர்கள், இம்முறை பதினான்கு! மனமார்ந்த நன்றி' என்றிருந்தது.

பதினான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் ஆர்லனுக்கு உண்மை விளங்கியது. மீந்தவை இடப்பக்க மேசையில் இருந்தன. ஆர்லன் எண்ணிக்கூடப் பார்க்காமல் அள்ளியது வலப்பக்கத்தில். ஒவ்வொரு பெட்டியிலும் வாங்குபவரின் பெயர் ஒட்டியிருந்தது. எழுத்துப்பிழை பார்த்தே வயிறு வளர்த்தவர் அதைப் படிக்கவில்லை.

உடனே திருத்தம் எழுத உட்கார்ந்தார். 'கேக்குகள் தவறுதலாக எடுத்துச் செல்லப்பட்டன.' மார்கிட் படித்துவிட்டு அட்டையைப் பார்த்தாள். இப்போதுதான் ஆள் தெரியுமே. ஆர்லன் பெருமூச்சுவிட்டு அடித்து எழுதினார்: 'இப்பத்திரிகையின் ஆசிரியர் ஆர்லன் கேக்குகளை எடுத்துச் சென்றார். திருடன் என்று எழுதியவரும் அவரே.' அதன் கீழே, 'டெல்மர் வீணாகச் சந்தேகிக்கப்பட்டார்.' பழக்கதோஷத்தில் அந்த வரியையும் மாற்றப் பேனா போனது. மார்கிட் தடுத்தாள்.

"அதை விடுங்க. பாதி ஊர் சந்தேகப்பட்டுச்சு, யார் யார் பேரைப் போடுவீங்க? அந்த வரி டெல்மரோடது. அவர் பேருலதான் ஆரம்பிக்கணும்."

பத்திரிகை அச்சானதும் ஆர்லன் பாதிரியாரிடம் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கி, டெல்மர் வீட்டுக் கதவைத் தட்டினார். டெல்மர் நின்றபடியே திருத்தத்தைப் படித்தார். தன் பெயரில் விரலை வைத்து அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினார்.

"அடுத்த வருஷம் நீங்க கேக்கைத் தொடவே கூடாது" என்றார். "நானே கொண்டுபோறேன்."