நாலு கடைக்கும் ஒரே சீட்டு

கொடைக்கானல் பஜாரில் சலூன் வைத்திருந்த வீரையா, சீசனுக்கு முன்னால் பழனிக்கு இறங்கி வந்தான். மற்ற மூன்று சலூன்காரர்களின் தேவையையும் தன் சீட்டிலேயே எழுதி வந்திருந்தான். சேர்த்து வாங்கினால் விலை குறையும் என்று அவர்களிடம் அடித்துச் சொன்னவன் அவன்தான்.

மொத்த வியாபாரி முகைதீன் சீட்டைப் படித்தார்.

"எப்பவும் மூணு டஜன் சேவிங் கிரீம் எடுப்பேன், பாய். இப்ப நாலு கடைக்கும் சேர்த்துப் பன்னெண்டு டஜன். விலையைக் கொறச்சுப் போடுங்க."

"நூத்துக்கு எட்டு தள்ளுறேன். முழுப் பணமும் இப்பவே வேணும்."

"சீசன் முடிஞ்சாத்தானுங்க எங்க கையில காசு. வழக்கம்போல ரெண்டு மாசத் தவணை குடுங்க."

"தவணைன்னா பழைய விலைதான். கம்பெனிக்கு நான் முன்கூட்டியே பணம் கட்டுறேனப்பா."

வீரையா விடாமல் கெஞ்சினான். முகைதீன் கடைசியில் இறங்கி வந்தார். "அஞ்சு தள்ளுறேன். பாதிப் பணம் குடு, மீதிக்குத் தவணை. ஆனா அந்த மூணு பேரை எனக்குத் தெரியாது. அவுக பாக்கிக்கும் நீதான் கையெழுத்துப் போடணும்."

பேனாவை நீட்டினார். சீசனில் மழை பிடித்துக்கொண்டால் அவர்கள் எதை வைத்துக் கட்டுவார்கள்? வீரையாவால் பேனாவைக் கையில் வாங்க முடியவில்லை. தன் மூன்று டஜனை மட்டும் பழைய விலைக்கு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மேலே பஸ் ஸ்டாண்டில் மூவரும் காத்திருந்தார்கள்.

"எங்க சரக்கு எங்கப்பா?" என்றார் சூசைமுத்து.

வீரையா நடந்ததைச் சொன்னான். அவர்களுக்காகக் கையெழுத்துப் போடாததைச் சொல்லும்போது மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுநாள் அவர்கள் தனித்தனியாகப் பழனிக்குப் போய், சில்லறை விலைக்கே வாங்கி வந்தார்கள். அந்த சீசன் முழுக்க அவனோடு ஒருவரும் பேசவில்லை.