ஒன்பதாவது பிபிடி, இரண்டாவது வாரம்

துறைத்தலைவர் கைலாசம் நீட்டிய தாளில் ஐந்தாம் வாரத்துக்கான பாடத்தலைப்பு இப்படி இருந்தது: ‘சென்ற வகுப்பின் தொடர்ச்சி’.

நூர்நிஷாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சிரிக்கவா முடியும்? தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து மறைத்துக்கொண்டாள். மேலே படிக்கப் படிக்க அந்தச் சிரிப்பு தானாகவே வற்றிப் போயிற்று.

தென்காசிக்கு வெளியே இருக்கும் அந்தக் கல்லூரியில் அவள் புவியியல் துறையின் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீளும். போன பருவத்தில் நீரியல் என்று ஒரு விருப்பப் பாடத்தை நடத்தினாள். வார வாரமாகப் பிரித்த பாடத்திட்டம் எதுவும் அப்போது கிடையாது. அவளே கணினியில் ஸ்லைடு ஸ்லைடாகத் தயாரித்த பதினொரு பிபிடிகள்தான் பாடம். பிள்ளைகளுக்குப் பிடித்துப் போய், பாடத்தை நிரந்தரமாக்கலாம் என்று பேச்சு வந்தது. அதற்குப் பாடத்திட்டக் குழுவின் முன்னால் பதினைந்து வாரத்துக்கும் தலைப்பு, வாசிப்பு எல்லாம் எழுதி வைக்க வேண்டும். “நானே போட்டுத் தாரேம்மா” என்று பிபிடிகளை வாங்கிப் போனவர் போட்டுத் தந்த லட்சணம்தான் இது.

கோப்பு எண் எதுவோ அதுவே வார எண். முதல் ஸ்லைடில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே தலைப்பு. பதினொன்று முடிந்ததும் மிச்சம் நாலு வாரத்துக்குத் ‘திருப்புதல்’. வாசிப்புக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே புத்தகம், கைலாசம் எழுதிய கைடு.

“சார், நாலாவதும் அஞ்சாவதும் ஒரே பாடம். ஒரே ஃபைல்ல அடங்கலன்னு ரெண்டா வெட்டினேன்” என்றாள் நூர்நிஷா. “ஆறாவதுல ஸ்லைடு கொஞ்சம்தான், ஆனா முழுக்கக் கணக்கு. பிள்ளைகளுக்குப் புரிய ரெண்டு வாரம் ஆச்சு. மூணாவது தடி ஃபைல், எல்லாம் படம். ஒரே வகுப்புல முடிஞ்சிட்டு.”

“அதெல்லாம் யாரும்மா பாக்கப் போறா?”

“ஒன்பதாவது ஐந்தருவி, சார். அதை நான் ரெண்டாவது வாரம் எடுத்தேன்.”

“ஒன்பதை எப்படி ரெண்டாவதா எடுப்பீங்க?”

அங்கேதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிபிடிகளைப் பாடப்புத்தக வரிசைப்படி கோடை விடுமுறையிலேயே செய்து எண் போட்டுவிட்டாள். அதில் கள அளவீடு ஒன்பதாவது. வகுப்பு தொடங்கியது ஜூன் கடைசியில். சாரல் பிடித்துவிட்டது, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது. எண் வரிசைக்குக் கட்டுப்பட்டு ஆகஸ்ட் கடைசிவரை காத்திருந்தால் அருவி நமக்காக நின்றுகொண்டா இருக்கும்? பிள்ளைகளை அழைத்துப் போய், அருவிக்குக் கீழே ஓடையில் மிதவையை விட்டு, அது எவ்வளவு தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று பார்த்து வேகம் கண்டார்கள். ஆழமும் அகலமும் அளந்தார்கள். அடித்தண்ணீரைவிட மேல்தண்ணீர் வேகமாக ஓடும் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டு, இத்தனை தண்ணீர் போகிறது என்று கணக்குப் போட்டார்கள். பின்னால் வந்த பாடமெல்லாம் அந்தக் கணக்கின்மேல்தான் நின்றது. குற்றாலத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லாத மாதத்தில் தண்ணீர் பாடம் நடத்தச் சொல்கிற ஆளிடம் என்னத்தைப் பேசுவது?

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன், சார்” என்றாள்.

பாடம் நடத்தியவர் கையெழுத்து இல்லாமல் பாடத்திட்டம் குழுவுக்குப் போகாது. அது கைலாசத்துக்கும் தெரியும்.

“ஜூன்ல என் கையெழுத்தும் வேணும்மா, பாத்துக்கிடுங்க” என்றார்.

பயம் இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. தாளை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு நூலகத்துக்கு நடந்தாள்.

நூலகர் ஆவுடைத்தாய் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, மடிக்கணினியில் ஒவ்வொரு பிபிடியாகத் திறந்தாள். முதல் ஸ்லைடை விட்டுவிட்டு, வகுப்பில் உண்மையாக எதைப் பேசினாளோ அதைத் தலைப்பாக எழுதினாள். எந்த வாரம் எதை நடத்தினாள் என்று வகுப்புப் பதிவோடு ஒத்துப் பார்த்து வரிசையை மாற்றினாள். வகுப்பில் காட்டாமல் மறைத்து வைத்திருந்த ஸ்லைடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. வீரகேரளம்புதூர் கிணறுகளையும் திருவேங்கடத்துக் கரிசல்காட்டுக் கிணறுகளையும் ஒப்பிடும் பாடத்துக்குத் தனி வாரம் கொடுத்தாள். பிறகு ஸ்லைடுகளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்த ஆதாரங்களைப் பொறுக்கி, எந்த வாரத்துக்கு எந்த அத்தியாயம் என்று பிரித்து எழுதினாள்.

“ஏட்டி, இந்த அறிக்கை நம்மகிட்ட இல்ல” என்றாள் ஆவுடைத்தாய். “நெட்லயும் காசு கேக்குதான். பிள்ளைகளுக்குக் கிடைக்காததைக் கட்டாயம்னு எதுக்கு எழுதுத?”

“அப்ப அதை மேல்வாசிப்புல போட்டிருதேன், அக்கா.”

“கைலாசம் சார் கைடு எங்க?”

“பதினொண்ணையும் தொறந்து பாத்துட்டேன். ஒரு ஸ்லைடுல கூட இல்ல.”

ஆவுடைத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நூர்நிஷா தாளை அச்செடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

குழு கூடிய அன்று கைலாசம் அவளுடைய தாளைத்தான் வைத்தார், வேறு வழியில்லை. ஆனால் வெளியூரிலிருந்து நிபுணராக வந்திருந்த பேராசிரியை வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

“மேடம், வரிசை கொஞ்சம் முன்ன பின்ன ஆயிட்டு. ரெண்டாவது வாரத்துல இருக்குத கள அளவீடு ஒன்பதாவது வாரம் வரணும். பிபிடி நம்பரும் ஒன்பதுதான். டைப் அடிக்கதுல தப்பு. வாசிப்புல என் புத்தகமும் விட்டுப் போச்சு. ரெண்டையும் திருத்திக்கிடலாம்.”

கௌரவ விரிவுரையாளர்கள் கூப்பிட்டால்தான் பேச வேண்டும். யாரும் கூப்பிடவில்லை. நூர்நிஷா எழுந்து நின்றாள்.

“தப்பு இல்ல, மேடம். நம்பர் நான் ஃபைல் செஞ்ச வரிசை. இது நான் பாடம் நடத்தின வரிசை. சாரல் இருக்கும்போதே அளந்தாத்தான் பின்னால கணக்கு வரும்.” கைலாசத்தின் பக்கம் திரும்பினாள். “உங்க புத்தகம் எந்த ஸ்லைடுல இருக்குன்னு காட்டுங்க, சார். அந்த வாரத்துல இப்பவே சேத்திருதேன்.”

அறையில் யாரோ இருமினார்கள். கைலாசத்தின் காது சிவந்தது. பேராசிரியை பாடத்திட்டத்தையும் பிபிடி அச்சுகளையும் அருகருகே வைத்துக்கொண்டு நிதானமாகப் புரட்டினார். ஆறாவதை எடுத்துப் பார்த்தார். கணக்குக்கு ஒதுக்கியிருந்த இரண்டு வாரங்களை விரலால் தொட்டார்.

“சரி. ஒரு வருஷம் சாரல் பொய்த்துப் போனால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது வாரம் காலியாகப் போகுமே?”

கைலாசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நூர்நிஷா இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“அப்பவும் போவோம், மேடம். தண்ணி இல்லன்னு அங்க நின்னு எழுதிட்டு வருவோம். அருவி காஞ்சு கெடக்கதும் ஒரு அளவுதான். அதை எழுதி வைக்காததாலதான் எந்த வருஷம் எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுதோம்.”

பேராசிரியை பேனாவை எடுத்தார். இரண்டாவது வாரத்துக்கு எதிரே, ‘நீர்வரத்து இல்லாவிடினும் நடத்தப்பட வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பாடம் நிரந்தரமாயிற்று. கைடு சேரவில்லை.

எல்லோரும் தேநீருக்குப் போனபின் கைலாசம் வாசலில் அவளை மறித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“செயிச்சிட்டோம்னு நெனைக்காதீங்க. அடுத்த ஜூன்ல இந்தப் பாடத்தை நீங்க எடுப்பீங்கன்னு என்ன நிச்சயம்?”

நிச்சயம் எதுவுமில்லை. அது அவளுக்கும் தெரியும். வேலை போனால் போகட்டும் என்று சொல்லும் வசதி அவளுக்கு இல்லை. அதற்காகத் தலையைக் குனியவும் அவளால் முடியவில்லை.

“யாரு எடுத்தாலும் ரெண்டாவது வாரம் ஐந்தருவிக்குப் போயித்தான் ஆகணும், சார். குழு பாஸ் பண்ணியாச்சு” என்றாள். “நீங்களே எடுத்தாலும் சரிதான். குடை கொண்டு போங்க. சாரல்ல நனைஞ்சிருவீங்க.”