புள்ளிக்கோடு தொடங்கும் இடம்

கிருஷ்ணராஜ் சாருக்குச் சந்தேகம் ரத்தத்திலேயே ஊறியது. கறிக்கடையில் தராசின் முள்ளை அவர் பார்க்கிற பார்வையில் கடைக்காரரே இரண்டு துண்டு கூடப் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் பரீட்சைக்குக் கண்காணிப்பாளராகவும் நின்றால் எப்படி இருக்கும்? கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் அவர் நடத்திய ஐயெல்ட்ஸ் வகுப்பில் தும்முவதற்குக்கூடப் பிள்ளைகள் யோசிப்பார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக நினைக்கிற நர்சுகள் எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சை அது. அதற்குத்தான் அந்த மாடியில் அத்தனை கூட்டம்.

2004 ஆனி மாதம். அன்று காலையில் மாதிரிப் பரீட்சை. சும்மா பரீட்சை இல்லை. அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றின் நேர்காணலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த மதுரை ஏஜெண்ட் செல்லத்துரை, "ஒரே ஒரு இடம் பாக்கி இருக்கு அண்ணாச்சி. உங்க பிள்ளைகள்ல முதல்ல வர்றது யாருன்னு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பேரு சொல்லிருங்க" என்று போனில் சொல்லியிருந்தார். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், போட்டி இரண்டே பேருக்குள்தான் என்று. ஒருத்தி பானு. டவுன்காரி, கான்வெண்ட் படிப்பு. இன்னொருத்தி மாரிசெல்வி. இடைசெவலில் இருந்து பஸ் பிடித்து வருகிறவள், தனியார் ஆஸ்பத்திரியில் நர்சு. அப்பாவுக்குக் கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும்.

மத்தியானம் சார் தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். முதல் கேள்வி ஒரு கோட்டு வரைபடம். ஒரு நாட்டில் பருத்தி, செயற்கை நூல், கம்பளி மூன்றும் 1980 முதல் 2020 வரை எவ்வளவு உற்பத்தியாகின்றன என்பதை மூன்று கோடுகள் காட்டின. இருபது நிமிடத்தில் நூற்றைம்பது வார்த்தைக்குக் குறையாமல் விவரிக்க வேண்டும். காரணம் சொல்லக்கூடாது, சொந்த அபிப்பிராயம் கூடாது. நடந்ததை நடந்ததாகவும், இனி நடக்கும் என்று கணக்குப்போட்டதைக் கணிப்பாகவும் எழுத வேண்டும். 'இத்தனை லட்சம் டன்னை எட்டியது' என்பது வேறு, 'எட்டும் என்று கணிக்கப்படுகிறது' என்பது வேறு. இதைக் கலந்துகட்டி எழுதினால் மார்க்கு போய்விடும்.

இதற்குச் சார் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். "நாம இருக்கிறது 2004. அதுக்கு முன்னால உள்ளது பாஸ்ட். அதுக்குப் பின்னால உள்ளது ப்ரொஜெக்டட், எக்ஸ்பெக்டட், ஃபோர்காஸ்ட். கண்ண மூடிக்கிட்டு எழுது." பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தார்கள். பானு அச்சுப்பிசகாமல் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

மாரிசெல்வியின் தாளுக்கு வந்ததும் சாருடைய சிவப்பு மை நின்றது. '2000 வரையிலான உண்மை அளவுகளையும், அதன்பின் 2020 வரையிலான கணிப்புகளையும் வரைபடம் காட்டுகிறது' என்று ஆரம்பித்திருந்தாள். செயற்கை நூல் 2010 வாக்கில் பருத்தியைத் தாண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது, 2020-க்குள் பருத்தி பாதியாகக் குறைந்திருக்கும் எனக் கணிக்கப்படுகிறது என்று அடுக்கிக்கொண்டே போயிருந்தாள். 2002-க்கு உள்ள எண்ணைக்கூடக் கணிப்பு என்றே எழுதியிருந்தாள். 2002 முடிந்து போன வருசம் அல்லவா? சார் சரக்கென்று ஒரு சுழி போட்டார். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. இவ்வளவு சுத்தமாக எழுதுகிற பிள்ளை இந்த இடத்தில் மட்டும் எப்படிச் சறுக்கும்?

எழுந்து பீரோவைத் திறந்தார். வகுப்பில் கொடுக்கிற வரைபடமெல்லாம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஜெராக்ஸ் எடுத்தவை. மூலத்தாள்கள் இந்தப் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். அவர் அவற்றைப் பிரித்துப் பார்த்தே நாலு வருசம் இருக்கும். எடுத்துப் பார்த்தால் தூக்கிவாரிப்போட்டது. மூலத்தாளில் 2000 வரை கோடு முழுக்கோடாக வந்து, அதற்குப் பிறகு புள்ளி புள்ளியாகப் போனது. அடியில் பொடி எழுத்தில், '2000-க்குப் பிந்தியவை மதிப்பீடுகள்' என்று ஒரு வரி. பிரதி எடுத்து எடுத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி முழுக்கோடாகிவிட்டன. அடிவரி காகிதத்துக்கு வெளியே போய்விட்டது.

ஆக, அவள் எழுதியதுதான் சரி. அவர் சொல்லிக்கொடுத்த சூத்திரம் தப்பு. வேறு ஒருவர் என்றால் இந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பார். நம்ம சாருக்கோ மூக்கில் வியர்த்தது. பீரோவுக்குள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

யோசிக்க யோசிக்க வரிசையாகப் பொருந்தியது. மாடியைக் கூட்டிப் பெருக்குகிற வெள்ளைத்தாய் எந்த ஊர்? இடைசெவல். மாரிசெல்விக்கு என்ன முறை? அத்தை. சாவி எங்கே தொங்குகிறது? மேஜைக்குப் பின்னால் ஆணியில். அட கெட்டிக்காரிகளா என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளைத்தாய் மாடிப்படியில் துடைப்பத்தோடு இருந்தாள். சார் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"வெள்ளைத்தாயி, பீரோவத் தொறந்தியா?"

"நான் எதுக்கு சார் பீரோவத் தொறக்கப் போறேன்?"

"உங்க மருமகளுக்குக் கேள்வித்தாளு எடுத்துக் குடுத்தியான்னு கேக்கேன்."

வெள்ளைத்தாய் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தாள். "ஏழு வருசமா இங்கன கூட்டுதேன்" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள். பார்த்தியா, குட்டு வெளிப்பட்டதும் ஓடுகிறாள் என்றுதான் சாருக்குத் தோன்றியது.

நாலரை மணிக்கு மாரிசெல்வியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். ஜெராக்ஸ் தாளை அவள் முன் தள்ளினார்.

"2000-த்துல இருந்து கணிப்புன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல சார். கோட்டப் பாத்தேன்."

"கோடு முழுசா ஒண்ணுபோலத்தானே இருக்கு?"

"இல்ல சார்." அவள் விரலைத் தாளில் வைத்தாள். "இங்கன இருந்து இதுவரைக்கும் பாருங்க. ஏறுது, இறங்குது, ஒரு வருசம் படுத்துக்கிடுது. 2000-த்துக்குப் பொறவு ஸ்கேலு வச்சுப் போட்ட மாதிரி நேரா போவுது. எங்கப்பா காட்டுல பருத்தி ரெண்டு வருசம் ஒண்ணுபோல வெடிச்சதே கெடையாது. ஒரு வருசம் மழை ஏமாத்தும், ஒரு வருசம் புழு விழும். 2001, 2002, 2003 மூணும் நடந்து முடிஞ்ச கணக்குன்னா இங்கனயும் கோணல்மாணலாத்தானே இருக்கணும்? ஆபீசுல உக்காந்து போட்ட கணக்குதான் இவ்வளவு நேரா போவும்னு நெனச்சேன். மூணு கோடும் ஒரே எடத்துல நேராயிருச்சு சார். அதான் துணிஞ்சு எழுதுனேன்."

"நான் சொல்லிக் குடுத்தது 2004 தானே?"

"ஆமா சார். அப்பிடி எழுதவா இப்பிடி எழுதவான்னு ரொம்ப நேரம் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நன்றாகத்தான் ஜோடிக்கிறாள் என்று சார் நினைத்தார். பதில் கையோடு தயாராக இருப்பதே சந்தேகமாக இருந்தது. உண்மை பேசுகிறவன் கொஞ்சமாவது திணறுவான் என்பது அவர் கட்சி. திணறினாலும் திருட்டு முழி என்பார், அது வேறு விஷயம்.

"சரி, நீ போம்மா" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "சார், செல்லத்துரை அண்ணாச்சிக்கு..."

"போம்மான்னேன்."

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. சார் பானுவின் பேரைச் சொன்னார். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

போனை வைத்த பிறகு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய மனிதர். சந்தேகக்காரனுக்கு அந்த நிம்மதியும் கிடையாது. அவள் சொன்ன கதையைப் பொய் என்று தனக்கே நிரூபித்துவிட்டால் ராத்திரி தூக்கம் வரும் என்று தோன்றியது. வகுப்புக் கட்டில் இருந்து ஆறு வரைபட ஜெராக்ஸ்களை உருவினார். ஒவ்வொன்றிலும் கோடு எங்கே தள்ளாட்டத்தை விட்டு நேராகிறது என்று பார்த்துப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு பீரோவில் இருந்த மூலத்தாள்களோடு ஒப்பிட்டார்.

முதலாவது, நகர ஜனத்தொகை. புள்ளிக்கோடு தொடங்கிய இடமும் அவர் பென்சில் வைத்த இடமும் ஒன்று. இரண்டாவது, மின்சாரம். அதுவும் சரி. மூன்றாவதிலும் நான்காவதிலும் அப்படியே. ஐந்தாவதில் மட்டும் கோடு ஆரம்பத்தில் இருந்தே தள்ளாட்டம் இல்லாமல் இருந்ததால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறாவது, மீன் பிடிப்பு. வைத்த புள்ளி வைத்தபடி.

பீரோவைத் திறக்காமல் அவரே கண்டுபிடித்துவிட்டாரே. அப்படியானால் அந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துத்தான் எழுதியிருக்கிறாள். பாவி, ஒரு பிள்ளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

உடனே மதுரைக்குப் போன் போட்டார்.

"பேர மாத்தணும் செல்லத்துரை. தப்பாச் சொல்லிட்டேன். மாரிசெல்விதான்."

"அடடா, அப்பவே பேக்ஸ் போயிருச்சே அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்காரவிய லிஸ்ட முடிச்சுட்டாவ. இனி கைவைக்க முடியாது."

சார் மாடியைப் பூட்டிக்கொண்டு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனார். இன்னும் விளக்குப் போடாத நேரம். மாரிசெல்வி டூட்டிக்கு வந்திருந்தாள். வராந்தாவில் அவளை நிறுத்தி, வெள்ளைத்தாயிடம் கேட்டதைத் தவிர நடந்ததையெல்லாம் சொன்னார். ஆறு தாள் கதையையும் சொன்னார்.

"எங்க அத்தைகிட்ட என்ன சார் கேட்டீங்க?" என்றாள் கடைசியில்.

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இனி அந்த மாடிப்படி மிதிக்க மாட்டேன்னு உக்காந்திருக்கா. மத்தியானத்துல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலன்னு வீட்டுல இருந்து போன்ல சொன்னாவ."

"நானே வந்து அவகிட்ட மன்னிப்புக் கேக்கேன்மா. நீயும் வகுப்ப விட்டுராத. தை மாசம் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்காவ. பீஸு ஒண்ணும் வேண்டாம். நானே பக்கத்துல உக்காந்து சொல்லித்தாரேன். உன் பேருதான் முதல்ல போவும்."

உள்ளே ஏதோ கட்டிலில் இருந்து ஒரு கிழவர் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டார். மாரிசெல்வி, வாரேன் தாத்தா என்று குரல் கொடுத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினாள். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. அதுதான் சாருக்குப் பயமாக இருந்தது.

"வர மாட்டேன் சார். நாளைக்கு நான் மறுபடியும் நல்லா எழுதுவேன். அன்னைக்கும் நீங்க என் தாளப் பாத்துட்டு, மொதல்ல பீரோவத்தான் போய்ப் பாப்பீங்க."

சொல்லிவிட்டுக் கிழவரைப் பார்க்க உள்ளே போனாள். சார் வராந்தாவிலேயே நின்றார். இல்லை, அப்படி நடக்காது என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை.